பேனலைச் சோதிக்க மூன்று வேளை

கூரையில் சோலார் போட்டு ஏழெட்டு வருடம் ஆனவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "முன்ன மாதிரி யூனிட் வரல." போட்டுக்கொடுத்தவரைக் கேட்டால், பேனல் பழசாகிவிட்டது என்பார். அந்தப் பதிலோடு விட்டுவிடக் கூடாது. நல்ல சிலிக்கான் பேனல் வயதினால் இழப்பது ஆண்டுக்கு முக்கால் சதவீதம் போலத்தான். எட்டு வருடத்துக்கு ஐந்தாறு சதவீதம். துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தும் உற்பத்தி பதினைந்து, இருபது சதவீதம் இறங்கியிருந்தால் அது வெறும் வயது இல்லை, நோய்.

அடிக்கடி வரும் நோய்கள் மூன்று: ஏதோ ஒரு செல் மட்டும் கொதிப்பது, செல் விரிசல் விடுவது, உயர் மின்னழுத்தத்தால் பேனலுக்குள் கசிவு உண்டாவது. கடைசியாகச் சொன்னதைத் தொழிலில் இருப்பவர்கள் 'பி.ஐ.டி.' என்பார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி யூனிட்டைக் குறைக்கும். பிரித்து அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வேளையில்தான் தன்னைக் காட்டும். கொதிக்கும் செல்லை உச்சி வெயிலில் பார்க்க வேண்டும், விரிசலை இருட்டில், பி.ஐ.டி.யை விடிந்து வெயில் ஏறுவதற்குள். வேளை மாறிப் பார்த்தால் நோயுள்ள பேனலும் நல்ல பேனல் போலவே தெரியும்.

முதலில் உச்சி வெயில். பழைய பேனலில் 60 செல்கள் வரிசையாக, ஒன்றின் வழியே அடுத்ததற்கு மின்சாரம் போகும்படி இணைந்திருக்கும். அதில் ஒரு செல் மீது காக்கை எச்சமோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ விழுந்தால் அந்தச் செல்லால் மற்றவை தரும் அளவு மின்னோட்டத்தைத் தர முடியாது. மற்ற செல்களோ தங்கள் மின்னோட்டத்தை அதன் வழியாகவே தள்ளப் பார்க்கும். அப்போது அந்தச் செல் மின்சாரம் தருவதை விட்டுவிட்டு, வாங்கிச் சூடாக்கும் பொருளாக மாறிவிடுகிறது. கணக்கு எளிது. 20 செல்களுக்கு ஒன்று என்று பைபாஸ் டயோடு இருக்கும். மீதமுள்ள 19 செல்கள் அரை வோல்ட் வீதம் ஒன்பதரை வோல்ட். மின்னோட்டம் எட்டு ஆம்பியர். ஆக ஒரே செல்லில் 75 வாட் வரை இறங்கலாம். உள்ளங்கையை விரித்தால் கொள்ளுமளவு உள்ள அந்தச் செல்லின் மேல் உச்சி வெயில் கொட்டுவதே சுமார் 24 வாட்தான். பின்புறத் தாள் பழுப்பாவதும் கொப்புளம் கிளம்புவதும் இதனால்தான்.

டயோடு நல்ல நிலையில் இருந்தால், எல்லை மீறும்போது அந்த 20 செல்களையும் ஒதுக்கிவிட்டு மின்னோட்டத்தைத் தன் வழியே விடும். இழப்பு பேனலில் மூன்றில் ஒரு பங்கு, செல் தப்பிக்கும். டயோடு திறந்த நிலையில் கெட்டிருந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை.

தெர்மல் கேமராவில் இவை தெளிவாகத் தெரியும். ஆனால் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வானம் தெளிவாக இருக்க வேண்டும், வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்குக் குறையக் கூடாது. கண்ணாடியில் மேகத்தின் பிம்பமும் படம் எடுப்பவரின் பிம்பமும் விழும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தும் புள்ளி செல்லோடு ஒட்டியே இருந்தால்தான் அது உண்மையான சூடு. பக்கத்துச் செல்லை விடப் பத்து டிகிரி கூட இருந்தால் சந்தேகப்படலாம், இருபது தாண்டினால் அந்தப் பேனலைச் சும்மா விடக் கூடாது. பேனலில் மூன்றில் ஒரு பகுதி மட்டும் சீராக இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தால் அங்கே டயோடு வழி மாற்றிவிட்டிருக்கிறது என்று பொருள். எச்சத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஒரு படம் எடுப்பது அவசியம். துடைத்ததும் மறைந்துவிட்டால் நோயும் இல்லை, செலவும் இல்லை.

துடைத்தும் போகாத சூட்டுக்குப் பெரும்பாலும் விரிசல்தான் காரணம். செல்லின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. பேனலைக் கழுவுகிறவர் கண்ணாடி மேல் ஏறி நடப்பதை நம் ஊர்க் கூரைகளில் தினமும் பார்க்கிறோம். கண்ணாடி உடைவதில்லை, வளைந்து நிமிர்கிறது. உள்ளே செல் கீறிவிடுகிறது. கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்குவது, லாரியில் படுக்கப் போட்டு ஏற்றுவது ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். கீறல் விழுந்த அன்று யூனிட் குறையாது. செல்லின் மேல் ஓடும் வெள்ளிக் கம்பிகள் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும். பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கிச் சில வருடங்களில் அந்தக் கம்பிகளும் அறும்போதுதான் ஒரு துண்டு முழுவதும் பயனற்றுப் போகிறது.

சில பேனல்களில் விரிசல் வழியே பழுப்பு நிறக் கோடுகள், நத்தை ஊர்ந்த தடம்போல, கண்ணுக்கே தெரியும். தெரியாதவற்றுக்கு இருட்டு வேண்டும். இரவில் பேனலுக்கு வெளியிலிருந்து நேர் மின்சாரம் கொடுத்தால் அது எல்.இ.டி. விளக்குப் போல ஒளிவிடும். அந்த ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குப் புலப்படாது. அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை நீக்கிய கேமராவைக் காலில் நிறுத்திப் பல நொடிகள் திறந்து வைத்தால் படம் கிடைக்கும். வேலை செய்யும் பகுதி வெளிச்சமாக இருக்கும், அறுந்த துண்டு கறுப்பாக இருக்கும். மெல்லிய கோடு மட்டும் தெரிந்தால் அந்தப் பேனலைக் கழற்றத் தேவையில்லை. செல்லின் கணிசமான பகுதி கறுத்திருந்தால்தான் கவலை. இது வீட்டுக்காரர் செய்யும் சோதனை இல்லை. ஆலைகளும் பெரிய நிலையங்களும் ஆள் வைத்துச் செய்வது.

மூன்றாவது நோய்தான் மிகவும் ஏமாற்றுவது. பல பேனல்களை வரிசையாக இணைத்ததை ஸ்ட்ரிங் என்கிறோம். கடற்கரையை ஒட்டிய ஓர் அரிசி ஆலையின் கூரையில் ஒரு ஸ்ட்ரிங்குக்கு 20 பேனல்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 37 வோல்ட்; மொத்தம் 740. டிரான்ஸ்பார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் இந்த 740 நிலத்தை நடுவில் வைத்துப் பிரிந்து நிற்கும்: ஒரு முனை நிலத்தை விட 370 மேலே, மறுமுனை 370 கீழே. பேனலின் அலுமினியச் சட்டமோ நிலத்தோடு இணைந்தது. ஆக, எதிர்முனைப் பேனலின் செல்லுக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவே பகல் முழுவதும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் இழுவிசை இருக்கிறது. கண்ணாடியில் சோடியம் உண்டு. நேர்மின்னூட்டம் கொண்ட அந்தச் சோடியத்தை எதிர்முனைச் செல் தன் பக்கம் இழுக்கிறது. பனியோ ஈரமோ கண்ணாடி மேல் படர்ந்திருக்கும் காலையில் இந்த நகர்வு இன்னும் வேகம் பிடிக்கும். செல்லுக்குள் சேரும் சோடியம், சிலிக்கான் படிகத்தில் உள்ள நுண்ணிய குறைகளில் போய் உட்கார்ந்து, செல்லின் சந்தியைக் குறுக்கே இணைத்துவிடுகிறது. உண்டாகும் மின்சாரம் வெளியே போகாமல் உள்ளேயே கசிகிறது. சோடியம் இப்படி உட்காருவதை ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள பிரான்ஹோஃபர் ஆய்வு மையத்தினர் நுண்ணோக்கியில் கண்டு காட்டினார்கள்.

இதை ஏன் விடிகாலையில் பார்க்க வேண்டும்? ஓட்டைக் குடத்தில் குழாயை முழுவதும் திறந்துவிட்டால் குடம் நிறைந்தே நிற்கும். சொட்டுச் சொட்டாக விட்டால்தான் ஒழுகல் தெரியும். உச்சி வெயிலில் உற்பத்தி பெரியது, கசிவு அதில் மறைந்துவிடும். மங்கிய ஒளியில் உற்பத்தியே கொஞ்சம்; கசிவு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட, மின்னழுத்தம் சரிந்துவிடும்.

அரிசி ஆலைக்கு வருவோம். நண்பகலில் மல்டிமீட்டர் வைத்து அளந்தால், வெயிலில் காய்ந்த நல்ல பேனல் 33 அல்லது 34 வோல்ட் காட்டும், நோயாளி 32 காட்டும். ஒரு வோல்ட் வித்தியாசத்தை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். அதே பேனல்களைக் காலை ஆறேமுக்கால் மணிக்கு அளந்தால் கதை மாறும். நேர்முனையிலிருந்து பத்தாவது பேனல் வரை எல்லாம் 35. பிறகு 34, 33 என்று இறங்கத் தொடங்கி, கடைசி மூன்றில் 29, 26, 22 என்று சரிந்து கிடக்கும். எண்ணைவிட இந்தச் சரிவுதான் முக்கியம். டயோடு கெட்டிருந்தால் ஒரே பேனலில் சட்டென்று 12 வோல்ட் போயிருக்கும், அதுவும் எந்த இடத்திலும், எந்த வெயிலிலும். நிழல் என்றால் மணிக்கு மணி இடம் மாறும். எதிர்முனையை நோக்கி ஒழுங்காக இறங்கிக்கொண்டே போனால் பி.ஐ.டி.யைத் தவிர வேறு பெயர் வைக்க இடமில்லை. மீட்டர் எடுப்பதற்கு முன்பே ஓர் அடையாளம் கிடைக்கும்: அந்த ஸ்ட்ரிங் காலையில் மற்றவற்றை விடத் தாமதமாக விழிக்கும், மாலையில் முன்னதாகப் படுத்துவிடும். இன்வெர்ட்டரின் பதிவில் ஏழு மணி எண்களை ஸ்ட்ரிங் வாரியாக ஒப்பிட்டாலே போதும்.

பேனல் பேனலாக அளப்பதற்கு இணைப்புகளைப் பிரிக்க வேண்டும். இன்வெர்ட்டரை நிறுத்தி, நேர் மின்சார ஐசோலேட்டரை அணைத்து, மின்னோட்டம் பூஜ்யம் என்று கிளாம்ப் மீட்டரில் உறுதி செய்த பிறகே கனெக்டரில் கை வைக்கலாம். ஓட்டம் இருக்கும்போது உருவினால் தீப்பொறி அணையாமல் நீளும், கை வெந்துவிடும். 740 வோல்ட்டில் வேலை தெரிந்தவர், அதற்கான கையுறையோடு செய்ய வேண்டிய காரியம் இது.

எட்டுப் பேனல் போட்ட வீட்டுக்கூரையில் ஸ்ட்ரிங் முந்நூறு வோல்ட் அளவில்தான் இருக்கும், பாதி 150. அங்கே பி.ஐ.டி. அரிது; எச்சம், நிழல், காலடி ஆகிய மூன்றையும் கவனித்தால் போதும். ஆலைக்காரருக்கு ஓர் ஆறுதல் உண்டு. விரிசல் ஒட்டாது, ஆனால் பி.ஐ.டி. பெரும்பாலும் திரும்பும். இரவில் பேனல்களுக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்துச் சோடியத்தைப் பின்னுக்குத் தள்ளும் பெட்டிகள் கிடைக்கின்றன. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மின்னழுத்தம் மேலே வரும், முழுவதும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. எதிர்முனையை நிலத்தோடு இணைத்துவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் அதைச் செய்யவே கூடாது. புதுப் பேனலில் 'பி.ஐ.டி. தாங்கும்' என்று அச்சிட்டிருந்தால், எத்தனை மணி நேரச் சோதனையில் தாங்கியது என்று கேளுங்கள். வழக்கமான சோதனை 85 டிகிரி வெப்பத்தில், 85 சதவீத ஈரப்பதத்தில் 96 மணி நேரம். கடலோரத்து இருபது வருடத்துக்கு அது முழு ஈடு ஆகாது.

உத்தரவாதம் கேட்கப் போகிறவர் பேனலைக் கழற்றும் முன் ஒன்று செய்ய வேண்டும். ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும், ஸ்ட்ரிங்கில் எதிர்முனையிலிருந்து அது எத்தனையாவது என்பதையும், காலையில் அளந்த வோல்ட்டையும் ஒரே தாளில் எழுதிப் படம் எடுத்து வைக்க வேண்டும். கழற்றி அடுக்கிய பிறகு அந்தச் சரிவைக் காட்ட வழியில்லை. நிறுவனம் 22 வோல்ட் பேனலைத் தனியாகப் பார்த்து, உங்கள் ஆட்கள் மிதித்ததால் கெட்டது என்று எழுதிவிட முடியும்.