மூழ்கியும் சாகாத நெல்

பயிர்ப் பெருக்க முறைகளைத் தனித்தனி வரையறைகளாக மனப்பாடம் செய்தால், பரீட்சை அறையில் எல்லாம் குழம்பிவிடும். அதைவிட, சொர்ணா-சப்1 என்ற ஒரே நெல் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான்கு முறைகள் அதற்குள் இருக்கின்றன.

வெள்ளத்தில் முழுக்க மூழ்கிய நெற்பயிர், மூச்சுவிடத் தவித்து விறுவிறுவென நீளும். கையிருப்பு மாவுச்சத்து அதிலேயே தீர்ந்துபோகும். தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாய்ந்துவிடும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ மட்டும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும்.

அந்த ரகம் தூயவழித் தேர்வில் கிடைத்தது. விவசாயிகளின் நாட்டு நெல்லிலிருந்து தனித்தனிச் செடிகளை எடுத்து, ஒவ்வொன்றின் விதையையும் தனியே விதைத்து, சிறந்த வழியை நிறுத்திக்கொள்வதுதான் இந்த முறை. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் சந்ததி ஒரே மாதிரி வரும். ஆனால், இருப்பதைப் பொறுக்கலாமே தவிர, இல்லாததை உண்டாக்க முடியாது. ஒரே தூய வழியில் பெரிய விதையை விதைத்தாலும் சிறிய விதையை விதைத்தாலும் சந்ததியின் சராசரி மாறாது என்று 1903இல் யோகான்சன் பீன்ஸில் காட்டியது இதைத்தான். எஃப்.ஆர்.13ஏவுக்கு விளைச்சலும் குறைவு.

ஆந்திரத்தின் சொர்ணா வேறு வழியில் வந்தது. வசிஷ்டாவையும் மசூரியையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் பிரிந்து வரும் செடிகளில் நல்லவற்றை எடுத்து, எந்தச் செடி எதன் பிள்ளை என்று ஏட்டில் குறித்துக்கொண்டே போவது வம்சாவழித் தேர்வு. இங்கே வேறுபாட்டை நாமே உண்டாக்குகிறோம். சொர்ணா நன்றாக விளைந்தது. ஆனால் வெள்ளத்தில் செத்தது.

சொர்ணாவின் மற்ற குணங்களைக் கெடுக்காமல் வெள்ளம் தாங்கும் குணத்தை மட்டும் சேர்க்க, பிற்கலப்பு தேவை. பிள்ளையை மீண்டும் மீண்டும் சொர்ணாவோடு கலந்தால், சொர்ணாவின் பங்கு சராசரியாக 75, 87.5, 93.75 சதவீதம் என்று ஏறும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு தலைமுறையையும் தண்ணீரில் மூழ்கடித்துத்தான் சோதிக்க வேண்டும். வேண்டிய மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் வேண்டாதவையும் ஒட்டிக்கொண்டு வரும்.

மார்க்கர் இந்த இரண்டையும் தீர்த்தது. எஃப்.ஆர்.13ஏ வழியில் வந்த ஒரு நெல்லோடு சொர்ணாவைக் கலந்தார்கள், பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார். முதல் பிற்கலப்பில் கிடைத்த சுமார் 700 நாற்றுகளின் இலைத் துண்டுகளிலிருந்து டி.என்.ஏ எடுத்தார்கள். முதலில், 9ஆம் குரோமோசோமில் சப்1 இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏறத்தாழ பாதியில் இருந்தது. அவற்றில், சப்1க்கு அருகிலேயே குரோமோசோம் அறுந்து சொர்ணாவுக்குத் திரும்பியவற்றைப் பொறுக்கினார்கள். கடைசியாக, மற்ற குரோமோசோம்களில் சொர்ணா அதிகம் உள்ளவற்றை வைத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று பிற்கலப்பிலேயே வேலை முடிந்தது.

மாணவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. மார்க்கர் முறையில் வெளி மரபணு எதையும் ஊசி போட்டு நுழைப்பதில்லை. கலப்பது பழைய கலப்புதான், பொறுக்கும் கண்தான் புதிது. சப்1 போல ஒரே இடத்திலிருந்து பெரிய விளைவு வரும் குணத்துக்கு இது அருமை. பல சிறு மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் விளைச்சலுக்கு, வயலில் அறுத்து எடை போட்டே தீர வேண்டும்.

சொர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. நம் டெல்டாவின் சி.ஆர்.1009 நெல்லுக்கும் பிறகு இதே வழியில் சப்1 சேர்க்கப்பட்டது.