பெயரை நீக்கினால் மட்டும் போதுமா?

பள்ளியில் ஒரு சம்பவம் நடந்தால் அது முதலில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. அவசரத்தில், பேச்சு வழக்கில், மனதில் பட்டதெல்லாம் கலந்து எழுதப்பட்ட செய்தியாக அது இருக்கும். பத்துப் பேர் உள்ள குழுவில் அதனால் பெரிய தொல்லை இல்லை. அதில் மற்றவர்களுக்கும் பயன்படும் ஏதோ ஒன்று இருக்கிறது, பிற பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் அனுப்பலாம் என்று நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பெரும்பாலும் நாம் மாணவரின் பெயரை மட்டும் அழித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம். அது ஏன் போதாது, வேறு என்ன செய்ய வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்க்கலாம். கீழே உள்ள செய்தி விளக்கத்துக்காக நானே அமைத்தது. ஆனால் இத்தகைய செய்திகளை நாம் எல்லோரும் படித்திருப்போம்.

“மிஸ், இன்னிக்கு 7-பில மூணாவது பீரியட்ல ஒரு பொண்ணுக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சு. அதான், மணிக்கூண்டு கிட்ட இட்லிக் கடை வச்சிருக்காங்களே, அவங்க பொண்ணு. பசங்க பயந்து கத்திட்டாங்க. பி.டி. சார் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில குடுத்தாரு. வாயில ஸ்பூன் வைக்கலாம்னு வேற சொன்னாரு. நல்லவேளை, ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னுடுச்சு. அப்பா நம்பர் சுவிட்ச் ஆஃப். ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறாளாம், நமக்கு யாரும் சொல்லவே இல்ல. அப்பா அம்மா தனித்தனியா இருக்காங்களாம், அதனாலதான் மாத்திரை ஒழுங்கா குடுக்கலன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.”

இந்தச் செய்தியில் மாணவியின் பெயரே இல்லை. ஆனாலும் முத்தியால்பேட்டையில் இதைப் படிக்கும் யாருக்கும் அவள் யார் என்று உடனே தெரிந்துவிடும். வகுப்பு, பிரிவு, பெண் என்ற குறிப்பு, பெற்றோரின் தொழில், கடை இருக்கும் இடம் ஆகியவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே பலருக்குப் பொருந்தலாம். எல்லாம் சேரும்போது ஒரே ஒருவரைத்தான் காட்டும்.

அமெரிக்காவில் 1990-களில் இதற்குத் தெளிவான சான்று கிடைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் தன் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி ஒரு நகரின் வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, அந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே விவரங்களைக் கொண்டு, மாநில ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவை அவர் அடையாளம் கண்டுவிட்டார். ஒரு நகரத்திலேயே மூன்று விவரம் போதும் என்றால், ஒரு பள்ளிக்குள் இரண்டே போதும்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த நோக்கில்தான் எழுதப்பட்டுள்ளது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு, விசாரணையில் உள்ள குழந்தையின் பெயரோடு முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை மறைமுகமாகக்கூட அடையாளம் காட்டும் தகவலை வெளியிடக் கூடாது என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே அத்தகைய சம்பவங்களை எப்படித் திருத்தி எழுதினாலும் பரப்பக் கூடாது. அவற்றைச் சொல்ல வேண்டிய இடம் காவல்துறையோ 1098 எண்ணோதான். வலிப்புச் சம்பவம் அந்த வகை அல்ல. ஆனாலும் ஒரு குழந்தையின் நோய் விவரம் ஊருக்குத் தெரிந்தால் அதன் விளைவை அவள்தான் சுமக்க வேண்டும்.

இனி செய்தியைத் திருத்துவோம். முதலில் ஒரு கேள்வி: படிக்கப்போகும் ஆசிரியர் இதைக்கொண்டு நாளை என்ன செய்வார்? வகுப்பு, கடை, மணிக்கூண்டு இவற்றால் அவர் எதுவும் செய்யப்போவதில்லை, அவை போகட்டும். உடற்கல்வி ஆசிரியர் என்ற குறிப்பும் போக வேண்டும். உதவ ஓடிவந்த ஒருவர் எல்லோர் முன்னும் குறை சொல்லப்படுவார். அடுத்த முறை அவர் ஓடிவரத் தயங்குவார். ஆனால் சாவி கொடுப்பதும் ஸ்பூன் வைப்பதும் பலர் நம்புகிற தவறுகள். ஆகவே ஆளை எடுத்துவிட்டுத் தவறை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பக்கத்து வீட்டுப் பேச்சு. ‘சொல்றாங்க’, ‘இருக்காங்களாம்’, ‘சாப்பிடுறாளாம்’ என்று முடியும் வாக்கியங்களைத் தனியே குறித்துக்கொள்வது நல்ல வழி. எழுதியவர் நேரில் காணாதவை இந்த வாக்கியங்களில்தான் இருக்கும். பெற்றோர் பிரிந்திருக்கிறார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும் நீக்க வேண்டும். ஆனால் அந்தப் பகுதியை அப்படியே வெட்டி எறிந்தால் பயனுள்ள இரண்டு செய்திகளும் சேர்ந்து போய்விடும். அவசரத்தில் அழைக்க ஒரே ஓர் எண்தான் பள்ளியில் இருந்தது. மாணவி மருந்து சாப்பிடுகிறாளா என்பதும் பள்ளிக்குத் தெரிந்திருக்கவில்லை. வம்பு அந்தக் குடும்பத்தைப் பற்றியது. இந்த இரண்டும் எல்லாப் பள்ளிகளுக்கும் உரியவை. அவற்றை எடுத்துப் பொதுவான வேலையாக எழுத வேண்டும்.

திருத்திய செய்தி இப்படி அமையும்:

“வகுப்பில் ஒரு மாணவருக்கு வலிப்பு வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் மென்மையான துணி வையுங்கள். இறுக்கமான கழுத்துப்பட்டையைத் தளர்த்துங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் வைக்கக் கூடாது. நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, மீண்டும் வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, முதல் முறையாக வந்திருந்தாலோ 108-ஐ அழையுங்கள். முழுமையாகத் தெளியும் வரை உடன் இருங்கள், அதுவரை தண்ணீர் தர வேண்டாம். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு அவசரத் தொலைபேசி எண்களைப் பதிவு செய்யுங்கள். தொடர் மருந்து சாப்பிடுவோர் விவரத்தைப் பெற்றோரிடம் தனியாகக் கேட்டு, தலைமை ஆசிரியரும் வகுப்பாசிரியரும் மட்டும் பார்க்கும்படி வைத்திருங்கள்.”

நீக்கிய விவரங்களில் சிலருக்குத் தேவையானவையும் உண்டு. அந்த மாணவிக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் அவளுடைய நிலையை அறிந்திருக்க வேண்டும். அதைப் பெற்றோரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அவர்கள் சம்மதத்துடன் நேரில் சொல்லலாம்.

அனுப்பும் முறையிலும் கவனம் தேவை. பழைய செய்தியை முன்னனுப்பாமல் புதிதாகவே தட்டச்சு செய்ய வேண்டும். திரைப்படத்தில் பெயர்மேல் கோடு கிறுக்கி அனுப்புவது பாதுகாப்பல்ல. மங்கலான கோட்டின் வழியே எழுத்து தெரியும். மேலே குழுவின் பெயரும் அனுப்பியவர் பெயரும் இருக்கும்.

அனுப்பும் முன் ஊரை அறிந்த, ஆனால் சம்பவத்தை அறியாத ஒருவரிடம் காட்டி, ‘இது யாரைப் பற்றி?’ என்று கேளுங்கள். அவர் ஊகித்தால் இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது. பிற பள்ளி ஆசிரியர்களுக்கான செய்தி இந்தச் சோதனையில் எளிதில் தேறிவிடும். சொந்தப் பள்ளிப் பெற்றோருக்கானது அப்படித் தேறாது. நேற்று நடந்ததை மாணவர்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். இன்று வலிப்பு பற்றி எதை எழுதினாலும் அது அந்தப் பெண்ணைத்தான் சுட்டும். அங்கே திருத்தி எழுதுவதால் பயன் இல்லை. சில வாரங்கள் கழித்து, காயம், மயக்கம், வலிப்பு என்று முதலுதவிக் குறிப்புகள் பலவற்றோடு சேர்த்து அனுப்புவதே வழி.