எட்டாயிரம் ரூபாய் லாபத்துக்குள் மறைந்திருந்த நஷ்டம்

தாராவியில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் தோல் கைப்பைகள் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பிவரும் சிறு ஏற்றுமதியாளர் ஒருவருக்குச் செம்பூரில் நான் பணியாற்றிய கிளையில் கணக்கு இருந்தது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவரை அழைத்து, "உங்கள் ஷிப்பிங் பில் ஒன்றில் 650 டாலர் இன்னும் வரவில்லை என்று எங்கள் திரை காட்டுகிறது" என்றேன். அவர் வியந்தார். "அந்தப் பணம் ஜூனிலேயே வந்துவிட்டதே சார்! அதில் எட்டாயிரம் ரூபாய் செலாவணி லாபம் என்று என் கணக்கர் எழுதியிருக்கிறாரே" என்றார்.

ஒரே பில்லில் வங்கியின் திரை பாக்கி என்கிறது. பேரேடு லாபம் என்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக முடியும்? விடையை மாட்டுங்காவில் அலுவலகம் வைத்திருக்கும் அவருடைய தணிக்கையாளர் கண்டுபிடித்தார். சிறு ஏற்றுமதியாளர் பலருக்கும் பயன்படும் என்பதால், பெயர்களைத் தவிர்த்து, தொகைகளை எளிமையாக்கி அதை இங்கே தருகிறேன்.

பிப்ரவரி 2022இல் 20,000 டாலருக்கு இன்வாய்ஸ் போடப்பட்டது. அன்றைய வீதம் டாலருக்கு 75 ரூபாய் என்று கொண்டு, 15,00,000 ரூபாயை விற்பனையாக எழுதினார்கள். ஜூன் மாதம் டாலர் 78 ரூபாயாக இருந்தபோது வங்கிக் கணக்கில் 15,08,000 ரூபாய் வரவானது. கணக்கர் இரண்டையும் கழித்து, மீதி 8,000 ரூபாயைச் 'செலாவணி வேறுபாடு' என்ற தலைப்பில் போட்டுக் கணக்கை முடித்துவிட்டார். ரூபாயில் பார்த்தால் கணக்கு நேராகிவிட்டது.

தணிக்கையாளர் முதலில் ரூபாயைத் தொடவில்லை. ஒரு தாளில் டாலரை மட்டும் எழுதினார். அனுப்பிய சரக்கின் மதிப்பு 20,000. வந்து சேர்ந்தது எவ்வளவு? இதற்கு வங்கிப் பாஸ்புத்தகம் போதாது. அதில் ரூபாய்தான் இருக்கும். உள்வரவுக்கு வங்கி தரும் அறிவிப்பையும், பணத்துடன் வந்த ஸ்விஃப்ட் செய்தியின் நகலையும் எங்களிடம் கேட்டு வாங்கினார். அன்று வழக்கில் இருந்த MT103 வடிவில் இரண்டு கட்டங்கள் முக்கியமானவை. 33B என்பது அனுப்புபவர் செலுத்தச் சொன்ன தொகை. 32A என்பது வங்கிகளுக்கிடையே இறுதியில் தீர்க்கப்பட்ட தொகை. இன்று செய்தியின் வடிவம் மாறியிருந்தாலும் இவ்விரு தொகைகளும் அதில் தனித்தனியாகவே இருக்கின்றன.

33B கட்டத்தில் 19,400 டாலர் இருந்தது. 32A கட்டத்தில் 19,350 டாலர் இருந்தது. ஆக, வழியில் இருந்த வெளிநாட்டு வங்கிகள் எடுத்துக்கொண்டது 50 டாலர். மீதி 600 டாலரை வாங்குபவரே குறைத்து அனுப்பியிருக்கிறார்.

"அண்ணாச்சி, இந்த அறுநூறு டாலர் என்ன?" என்று தணிக்கையாளர் கேட்டபோதுதான் உரிமையாளருக்கு நினைவு வந்தது. சரக்கு ஏப்ரலில் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால், 3 சதவீதம் கழித்துக்கொள்வதாக வாங்குபவர் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தார். இவரும் சரி என்று பதில் போட்டுவிட்டார். கணக்கருக்கு அது தெரியாது.

இனி ரூபாய்க் கணக்கு. அந்நியச் செலாவணிக்கான கணக்கியல் தரநிலை 11இன்படி, விற்பனையை அது நடந்த நாளின் வீதத்தில் எழுத வேண்டும். வீதம் அதிகம் மாறாத காலத்தில் அந்த வாரம் அல்லது மாதத்தின் சராசரியைக் கொள்ளலாம். ஆண்டு முடிவில் வரவேண்டிய டாலர் பாக்கியை அன்றைய வீதத்தில் மறுபடி மதிப்பிட வேண்டும். 31 மார்ச் 2022 அன்று அது ஏறத்தாழ 75.80 ரூபாய். எனவே 20,000 டாலர் பாக்கியின் மதிப்பு 15,16,000 ரூபாய். கூடிய 16,000 ரூபாய், பணம் கைக்கு வராவிட்டாலும், 2021-22ஆம் ஆண்டின் லாபம். கணக்கர் இந்தப் பதிவையே விட்டுவிட்டார். நல்ல வேளையாக அந்த ஆண்டின் கணக்கு இன்னும் கையொப்பமாகவில்லை.

அடுத்த ஆண்டில், 75.80இலிருந்து 78 ரூபாய்க்கு ஏறியதால் வந்த 44,000 ரூபாய் அந்த ஆண்டின் செலாவணி லாபம். இரண்டும் சேர்ந்து 60,000. எதிரே, வாங்குபவர் கழித்த 600 டாலர் 46,800 ரூபாய். அது விற்பனையில் தந்த தள்ளுபடி. வெளிநாட்டு வங்கிகள் எடுத்த 50 டாலர் 3,900 ரூபாய். எங்கள் வங்கியின் கட்டணம் 1,300 ரூபாய். இவை வங்கிச் செலவு. மூன்றும் சேர்ந்து 52,000. அறுபதாயிரத்தில் இதைக் கழித்தால் மிஞ்சுவதே அந்த 8,000. கூட்டல் சரிதான், ஆனால் இருவேறு ஆண்டுகளின் லாபமும், தள்ளுபடியும், கட்டணமும் ஒரே வரிக்குள் கரைந்துபோயிருந்தன.

இதனால் யாருக்கு என்ன கேடு? தணிக்கையாளர் அதே முறையில் ஜூலையில் பணம் வந்த அடுத்த இரண்டு பில்களையும் பார்த்தார். அவற்றிலும் அதே 3 சதவீதம் குறைந்திருந்தது. அந்தச் சரக்குகள் உரிய நாளில் போய்ச் சேர்ந்தவை! டாலர் ஏறிக்கொண்டிருந்ததால் ரூபாயில் குறை தெரியவில்லை. வாங்குபவருக்கு அது வழக்கமாகிவிட்டது. உரிமையாளர் எழுத்து மூலம் கேட்ட பிறகு, இரண்டில் ஒன்றை மட்டும் அடுத்த பில்லில் சேர்த்துத் தந்தார். டாலர் இறங்கியிருந்தால் இந்தக் குறை முதல் பில்லிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

வங்கியின் பக்கத்திலும் வேலை இருந்தது. 50 டாலரை ஸ்விஃப்ட் செய்தியைச் சான்றாகக் கொண்டு வங்கிக் கட்டணமாகக் காட்டி முடித்தோம். 600 டாலருக்கு அப்படிச் செய்ய இயலாது. இன்வாய்ஸ் மதிப்பைக் குறைக்க ஏற்றுமதியாளர் காரணத்தையும் வாங்குபவரின் கடிதத்தையும் இணைத்து வங்கிக்கு விண்ணப்பிக்க வேண்டும். டிராபேக் போன்ற சலுகை பெற்றிருந்தால் குறைந்த தொகைக்குரிய பங்கைத் திருப்பிச் செலுத்த வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டு வங்கி அதை ஏற்ற பின்னரே ஷிப்பிங் பில் முடியும். முடியாத பில்கள் சேர்ந்தால், பின்னாளில் ஏற்றுமதி ஆவணங்களை அனுப்பவே தடை வரக்கூடும்.

இத்தகைய தணிக்கையில் வேறு இரண்டு இடங்களிலும் தவறு நேர்கிறது. ஷிப்பிங் பில்லில் உள்ள ரூபாய் மதிப்பு, சுங்கத்துறை அறிவிக்கும் வீதத்தில் கணக்கிடப்படுவது. சரக்கு ஏற்றுமதிக்கான ஜிஎஸ்டி மதிப்பும் அந்த வீதத்தையே பின்பற்றும். பேரேட்டின் விற்பனை அதிலிருந்து சற்று மாறுபட்டால் அது பிழையாகாது; ஆனால் வேறுபாட்டை விளக்கும் ஒரு பட்டியல் கோப்பில் இருக்க வேண்டும்.

மற்றொன்று முன்பணம். சரக்கு அனுப்பும் முன் வாங்குபவர் தந்த டாலரை நாம் பணமாகத் திருப்பப் போவதில்லை, சரக்காகத்தான் தருவோம். ஆகவே அதை மார்ச் 31 அன்று மறுமதிப்பீடு செய்யக் கூடாது. வந்த நாளின் வீதத்திலேயே விட வேண்டும். அந்நியச் செலாவணிக் கணக்கில் டாலராகவே கிடக்கும் இருப்பையோ மறுமதிப்பீடு செய்தாக வேண்டும்.

தாராவி வாடிக்கையாளர் இப்போது பேரேட்டில் ரூபாய்க்கு இடப்புறம் டாலருக்கென ஒரு பத்தி வைத்திருக்கிறார். டாலர் பத்தியில் பாக்கி பூஜ்யமாகாத எந்தப் பில்லிலும் 'செலாவணி வேறுபாடு' என்று எழுதக் கூடாது என்பது அவர் கணக்கருக்கு இட்ட கட்டளை. வீதம் மாறினால் ரூபாய்தான் மாறும்; டாலர் மாறாது. டாலர் குறைந்திருந்தால், அதை எடுத்தது ஓர் ஆள் அல்லது ஒரு வங்கி. யார் என்று கேட்டு எழுதிவிட்டால், மிஞ்சியிருப்பது மட்டுமே செலாவணி வேறுபாடு.