முதல் அத்தியாயத்தில் 17 பேர்

எங்கள் வாசிப்பு அமர்வுக்கு வந்த ஒரு நாவலின் கைப்பிரதியை எடுத்துக்கொள்கிறோம். காலனியில் பேச்சிக் கிழவி இறந்துபோகிறாள். சுடுகாட்டுப் பாதையை ஊர்க்காரர் ஒருவர் வேலிபோட்டு அடைத்துவிட்டார். பிணம் வாசலில் கிடக்கிறது. வலுவான தொடக்கம்தான். ஆனால் முதல் நான்கு பக்கங்களில் 17 பேர் பெயரோடு வந்துவிட்டார்கள். மாரியப்பன், மாரிமுத்து, மாடத்தி, மாடசாமி. ஒரே சாமியின் பெயரைப் பாதி ஊர் வைத்திருப்பது உண்மைதான். ஆனால் தாளில் படிப்பவர் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டே ஆளை அடையாளம் காண்கிறார். வேலியைப் பிடுங்கியது மாரியப்பனா மாரிமுத்துவா என்று எங்களில் பலர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம்.

ஏன் இத்தனை பெயர்கள் என்று கேட்டோம். "எங்க ஆளுகள ஊருக்குள்ள யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. என் நாவல்லயாவது எல்லாருக்கும் பேர் இருக்கட்டும்" என்றார் எழுதியவர். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அடுத்த பக்கத்துக்குள் மறந்துபோகும் பெயர் அந்த மனிதருக்கு என்ன மரியாதையைத் தரும்?

பெயர்களைவிட உறவுமுறைதான் அதிகம் குழப்பியது. ஒரே ஆள் ஒருத்திக்குச் சித்தப்பா, இன்னொருத்திக்குக் கொழுந்தன், மூன்றாமவருக்கு மச்சான். கதை ஒரு பக்கத்துக்குள் மூன்று பேர் கண்வழியே தாவியதால் அந்த ஒருவர் மூன்று ஆட்களாகத் தெரிந்தார்.

எனவே அத்தியாயம் முழுவதையும் பேத்தி செல்வியின் கண்வழியே திருப்பி எழுதச் சொன்னோம். அவள் விடுதியிலிருந்து வந்து இறங்குகிறாள். பேச்சி, செல்வி, வேலியைப் பிடுங்கும் மாரியப்பன் ஆகிய மூவருக்கு மட்டும் பெயர். அவன் அவளுக்குச் சித்தப்பா, கடைசிவரை சித்தப்பாதான். மற்றவர்கள் செய்யும் வேலையால் தெரிந்தார்கள்: பாடை கட்டுகிறவர், தண்ணீர் சுமக்கிறவள், பறையைக் காய்ச்சுகிறவர். ஒப்பாரியில் அழும் பெண்களைத் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. அங்கே கூட்டமே ஒரு பாத்திரம்.

பூமணியின் 'வெக்கை' (1982) சிதம்பரம் என்ற ஒரு பையனையும் அவன் செய்த கொலையையும் வைத்துத் தொடங்குகிறது. கொல்லப்பட்ட அண்ணனும் தவிக்கும் குடும்பமும் பிறகுதான், அவனும் அப்பனும் ஒளிந்து திரியும்போது பேச்சிலும் நினைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக நமக்கு அறிமுகமாகிறார்கள். அதற்குள் அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆவல் நமக்கே வந்துவிடுகிறது.

திருத்திய பிரதியைக் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, மறுநாள் யார் யார் நினைவில் இருக்கிறார்கள் என்று கேட்டோம். மூவரையும் சொன்னார். பிறகு, "அந்தத் தண்ணி சுமந்த பொம்பள யாரு?" என்று அவரே கேட்டார். அவள்தான் மாடத்தி. மூன்றாம் அத்தியாயத்தில், காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது, தன் பெயரை அவளே சொல்கிறாள்.