ரைஸ் குக்கரின் சூட்டில் சோறு எத்தனை மணி நேரம் இருக்கலாம்?

எலக்ட்ரிக் ரைஸ் குக்கரில் வெந்த சோற்றை ‘வார்ம்’ நிலையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது முதலில் வெப்பநிலை, அதற்குப் பிறகுதான் கடிகாரம். பாத்திரத்தின் நடுவிலும் ஓரத்திலும் மேற்பரப்பிலும் சோறு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும்வரை நோய் தரும் கிருமி அதில் பெருகாது. அந்த நிலையில் நேரத்துக்கு எல்லை வைப்பது சோற்றின் சுவையும் பதமும்தான். ஒரே ஒரு சுவிட்ச் உள்ள எளிய குக்கரில் நான்கைந்து மணி நேரமும், இறுக்கமான மூடியும் உள்ளே மின்னணுக் கட்டுப்பாடும் உள்ள குக்கரில் ஏறத்தாழ 12 மணி நேரமும் வெறும் வெள்ளைச் சோற்றுக்கு உரிய அளவு. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது மிஞ்சுவது இரண்டு மணி நேரம் மட்டும்.

சோற்றில் அஞ்ச வேண்டிய கிருமியின் பெயர் பேசில்லஸ் சீரியஸ். மண்ணில் வாழும் பாக்டீரியா இது. வயலிலிருந்தே நெல்லோடு ஒட்டிக்கொண்டு அரிசிக்கு வருகிறது. வெப்பமும் வறட்சியும் தாக்கும்போது கடினமான உறைக்குள் அடங்கி வித்தாக மாறிக்கொள்ளும் திறன் இதற்கு உண்டு. அரிசியை எத்தனை முறை களைந்தாலும் இந்த வித்துகள் முழுவதுமாகப் போவதில்லை. கொதிநீரில் வெந்து முடித்த பிறகும் ஒரு பகுதி பிழைத்திருக்கும். மற்ற கிருமிகளையெல்லாம் கொதிப்பு அழித்துவிடுவதால், ஆறத் தொடங்கும் சோறு இந்த ஒன்றுக்குப் போட்டியில்லாத இடமாக அமைந்துவிடுகிறது. ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த சோறு 50 டிகிரியை ஒட்டி இறங்கியதும் வித்துகள் முளைவிடுகின்றன. முப்பது முதல் நாற்பது டிகிரிக்குள் அவை வேகமாகப் பெருகுகின்றன.

பெருகும் கிருமி சோற்றிலேயே ‘செரியுலைடு’ என்ற நஞ்சை உண்டாக்குவதுதான் இதில் பெரிய சிக்கல். கிருமியைச் சூட்டால் கொல்லலாம், அது விட்டுச்சென்ற நஞ்சைச் சமையலறைச் சூடு எதுவும் அழிக்காது. 121 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடாக்கினாலும் அது தாங்கி நிற்கும். எனவே நேரம் தவறிய சோற்றைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கியோ எண்ணெயில் வறுத்தோ திருத்திவிட முடியாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி கண்டபோதுதான் இந்த நோய் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. அங்கே மொத்தமாக வேகவைத்த சோறு, குவியலாக வெளியிலேயே கிடந்து, பிறகு சட்டியில் சில நிமிடம் வறுபட்டுத் தட்டுக்கு வந்தது. சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பெரும்பாலோருக்கு ஒரு நாளில் அடங்கிவிடும். அரிதாகக் கல்லீரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தானதும் உண்டு.

இனி குக்கரின் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். எளிய குக்கரின் அடித்தட்டின் நடுவில், சுருள்வில்லின் மேல், காந்தம் வைத்த சிறு குமிழ் ஒன்று இருக்கும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் முழுவதையும் அரிசி உறிஞ்சிக்கொண்டதும் சூடு சட்டென மேலே ஏறுகிறது. நூறைத் தாண்டிய சில டிகிரியில் அந்தக் குமிழிலுள்ள உலோகக் கலவை காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது. பிடி விட்டதும் நெம்புகோல் விழுந்து, ‘குக்’ விளக்கு அணைந்து ‘வார்ம்’ விளக்கு எரிகிறது. அதன்பின் அடித்தட்டுக்குச் செல்வது சமைக்கும்போது சென்றதில் மிகச் சிறு பங்கு மின்சாரம்தான். வெந்த சோற்றின் சூடு மெல்ல இறங்கி, நல்ல நிலையிலுள்ள குக்கரில் 65 முதல் 75 டிகிரிக்குள் வந்து நிலைக்கிறது.

இந்தச் சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே இருப்பது கண்ணாடி மூடியோ மெல்லிய எவர்சில்வர் மூடியோதான். ஆகவே அடிச்சோறு காய்ந்து பொருக்குத் தட்டும் அதே நேரத்தில் மேற்பரப்பும் விளிம்பும் பல டிகிரி குறைவாக இருக்கலாம். மூடியில் திரண்ட நீராவி ஓரத்தில் சொட்டி அங்கே சோற்றை நசநசவென்று ஆக்குகிறது. முதலில் கெடுவதும் அந்த ஓரம்தான். விலை கூடிய குக்கர்களில் பக்கச் சுவரிலும் மூடியிலும் கூடத் தனிச் சூடேற்றிகள் உண்டு. ரப்பர் வளையம் வைத்த மூடி ஆவியை வெளியே விடாது. வெப்பநிலையை உணர்கருவி அவ்வப்போது அளந்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். ஜப்பானியத் தயாரிப்புகள் சிலவற்றில், நீண்ட நேரம் வைப்பதற்கென்றே 60 டிகிரியை ஒட்டிய இரண்டாவது ‘வார்ம்’ நிலையும் இருக்கிறது. சூடு குறைவாக இருப்பதால் சோறு மஞ்சளாவது தள்ளிப்போகும். ஆனால் அந்த நிலை பாதுகாப்பின் விளிம்பில் நிற்கிறது. மூடியை அடிக்கடி திறக்கும் வீட்டுக்கு அது ஏற்றதல்ல.

தன் குக்கர் எந்த ரகம் என்பதை விளக்கு சொல்லாது, தெர்மாமீட்டர்தான் சொல்லும். சமையலுக்கான முள் தெர்மாமீட்டர் ஒன்று போதும். சோறு வெந்து ‘வார்ம்’ நிலைக்கு மாறி மூன்று மணி நேரம் கழித்து, மூடியைத் திறந்த உடனே, முதலில் ஓரத்தில் மேலாக ஓர் அங்குல ஆழத்திலும் பிறகு நடுவிலும் அளக்க வேண்டும். இரண்டிலும் 63 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் அந்தக் குக்கரை நம்பலாம். பிரிட்டனில் சூடாக வைத்து விற்கும் உணவுக்குச் சட்டம் கேட்கும் அளவும் இதுதான். நடுவில் 68 இருந்து ஓரத்தில் 55 காட்டினால் மூடி சரியாகப் பொருந்தவில்லை, அல்லது அடித்தட்டுக்கும் பாத்திரத்துக்கும் இடையே காய்ந்த பருக்கை ஏதோ சிக்கியிருக்கிறது. துடைத்துச் சரிசெய்த பிறகும் மாறாவிட்டால் அந்தக் குக்கரைச் சமைக்க மட்டும் பயன்படுத்தி, வெந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் சோற்றை எடுத்துவிடுவதே சரி. பழைய குக்கர்களில் ‘வார்ம்’ விளக்கு எரிந்துகொண்டிருக்க, சூடேற்றும் பகுதி பழுதாகிக் கிடப்பதும் உண்டு.

ஒரு நாளை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். காலை ஏழரைக்கு மூன்று தம்ளர் அரிசி வெந்து முடிகிறது. எட்டு மணிக்கு டிபன் பாக்ஸ்களுக்குப் பாதி போகிறது. மதியம் ஒரு மணிக்கு மூடியைத் திறக்கும்போது ஐந்தரை மணி நேரம் ஆகியிருக்கிறது. மின்சாரம் நிற்காமல் வந்து, குக்கரும் நல்ல நிலையில் இருந்தால் அந்தச் சோறு பாதுகாப்பானது. அடியில் கொஞ்சம் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் ஒரு விரற்கடை சோறு மிஞ்சுகிறது. இரண்டு மணிக்கு மின்வெட்டு ஏற்பட்டு ஐந்து மணிக்குத்தான் மின்சாரம் திரும்புகிறது. அவ்வளவு கொஞ்சமாக உள்ள சோறு விரைவில் ஆறிவிடும். சித்திரை மாதத்துச் சென்னை அடுப்படியில் அது முப்பதுகளின் மேல் பாதியில் வந்து நிற்கும், கிருமி விரும்பும் இடமே அதுதான். மின்சாரம் வந்ததும் சுவிட்ச் குக்கர் தானாகவே ‘வார்ம்’ நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் அந்தச் சொற்ப மின்சாரம் ஆறிய சோற்றை மெதுவாகத்தான் ஏற்றும், அதுவரை சோறு ஆபத்தான வெப்பநிலையிலேயே கிடக்கும். எட்டு மணிக்கு இரவுச் சாப்பாட்டுக்குத் திறப்பவருக்கு ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு தெரியும். வாடை இராது, நூல் விடாது. வெயில் காலத்தில் 32 டிகிரிக்கு மேல் உள்ள அறையில் ஆறிய உணவுக்கு அமெரிக்க வேளாண் துறை தரும் அவகாசம் ஒரு மணி நேரம்தான். இந்தச் சோறு அதை எப்போதோ தாண்டிவிட்டது. இதைக் கொட்டிவிட வேண்டும்.

வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு மதியம் மின்சாரம் நின்றது தெரியாமல் போகலாம். சுவரில் மின்சாரத்தில் ஓடும் கடிகாரமோ, மின்வெட்டுக்குப் பின் எண்கள் மினுக்கும் மைக்ரோவேவ் அடுப்போ இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். அப்படி எதுவும் இல்லாத, மின்வெட்டு வழக்கமான வீட்டில், ஆள் இல்லாத நேரத்தில் சோற்றைக் குக்கரின் பொறுப்பில் விடவே கூடாது.

மின்சாரம் நிற்காவிட்டாலும் நேரத்தைக் குறைக்கும் பழக்கங்கள் சில உண்டு. சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டு மூடுவது அவற்றில் ஒன்று. கையும் எச்சிலும் பட்ட கரண்டி புதிய கிருமிகளைக் கொண்டுவருகிறது, பிடி இடித்து மூடியும் சரியாக அமர்வதில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழைய சோற்றைச் சூடான சோற்றோடு கலந்து ‘வார்ம்’ நிலையில் விடுவது அதைவிடத் தவறு, ஏனென்றால் இந்த நிலை இருக்கிற சூட்டைக் காக்கவே அமைந்தது, ஆறியதைச் சூடாக்க அல்ல. புளியோதரை, தேங்காய்ச் சாதம், காய்கறியோ முட்டையோ இறைச்சியோ சேர்ந்த பிரியாணி எதையும் இப்படி வைக்கக் கூடாது என்று குக்கர்களோடு வரும் குறிப்பேடுகளே சொல்கின்றன. அவை வெள்ளைச் சோற்றைவிட விரைவாக மணமும் நிறமும் மாறும். வெறும் சோற்றையும் வெந்த கால் மணி நேரத்துக்குள் ஒருமுறை அடியிலிருந்து கிளறி உதிர்த்துவிட்டால் தேங்கிய ஆவி வெளியேறி, ஓரம் நசநசப்பது குறையும். கொஞ்சமாக மிஞ்சினால் பாத்திரத்தின் நடுவே குவித்து வைப்பது நல்லது.

நேரம் கடந்த சோற்றைத் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாக்கிவிடலாம் என்ற எண்ணமும் பல வீடுகளில் உண்டு. பழைய சோற்றில் நடப்பது வேறு. அன்று சமைத்து ஆறிய சோற்றில் நிறையத் தண்ணீர் விடும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பு ஏறுகிறது. புளிப்பு கூடக்கூட பேசில்லஸ் சீரியஸ் வளர்வது தடைப்படும். ஆனால் குக்கரில் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்த சோற்றில் முன்பே நஞ்சு உண்டாகியிருந்தால் புளிப்பு அதை நீக்காது. தண்ணீரை வடித்தாலும் போகாது.

இரவுச் சாப்பாட்டுக்கென்று சோறு மிஞ்ச வேண்டுமானால் காலையிலேயே அதைப் பிரித்துவிடலாம். வெந்ததும் அகலமான தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பினால் சூடு விரைவில் இறங்கும். ஒரு மணி நேரத்துக்குள் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் வைத்து, 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எடுத்த சோற்றில் ஓரிரு கரண்டி தண்ணீர் தெளித்து, இட்லிப் பாத்திரத்திலோ மைக்ரோவேவிலோ நடுப்பகுதிவரை ஆவி பறக்கும்படி ஒரே ஒருமுறை சூடாக்கிச் சாப்பிடலாம்.