சர்க்கரையின் விலையும் கடையின் இலாபமும்

மளிகைக் கடைக்காரர் சில நாள்களில் ஒரு பொருளை மட்டும் கொள்முதல் விலையைவிடக் குறைத்து விற்பார். அதை வாங்க வருவோர் பருப்பு, எண்ணெய், சோப்பு முதலியவற்றையும் வாங்குவர் என்பது அவரது எதிர்பார்ப்பு. இவ்வாறு விற்கப்படும் பொருளை ‘ஈர்ப்புப் பொருள்’ எனலாம். எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பதைக் கணக்கே காட்டும்.

ஒரு கடையில் சர்க்கரையின் கொள்முதல் விலை கிலோ 42 ரூபாய். வழக்கமான விற்பனை விலை 45 ரூபாய் என்று கொள்வோம். சாதாரணச் சனிக்கிழமையில் அங்கு 40 கிலோ சர்க்கரையும், 28,200 ரூபாய்க்குப் பிற பொருள்களும் விற்கின்றன. பிற பொருள்களில் நூற்றுக்குப் பத்து ரூபாய் இலாபம். ஆகவே அன்றைய இலாபம் 2,820 ரூபாயும், சர்க்கரையால் வரும் 120 ரூபாயும் சேர்ந்து 2,940 ரூபாய்.

அடுத்த சனிக்கிழமை சர்க்கரை 38 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. கடையில் கூட்டம் பெருகுகிறது. 150 கிலோ சர்க்கரையும், 29,050 ரூபாய்க்குப் பிற பொருள்களும் விற்கின்றன. மொத்த விற்பனை 30,000 ரூபாயிலிருந்து 34,750 ரூபாயாக உயர்ந்துவிட்டது. ஆனால் இலாபம் என்ன? பிற பொருள்களால் 2,905 ரூபாய் வரவு. சர்க்கரையால் கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் 600 ரூபாய் இழப்பு. எஞ்சுவது 2,305 ரூபாயே. விற்பனை கூடியும் இலாபம் 635 ரூபாய் குறைந்தது.

இதன் காரணத்தை விற்பனைச் சீட்டுகளில் காணலாம். சர்க்கரை மட்டுமே உள்ள சீட்டுகள் மிகுந்திருந்தால், வந்தவர்கள் வேறெதையும் வாங்கவில்லை என்பது தெளிவு. ஒருவரே பல கிலோ வாங்கியிருந்தால், அடுத்த வாரங்களில் சர்க்கரை விற்பனையும் குறையும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சர்க்கரையில் நேர்ந்த 600 ரூபாய் இழப்பையும், வழக்கமாகக் கிடைத்திருக்கும் 120 ரூபாயையும் ஈடுசெய்ய, பிற பொருள்களின் விற்பனை 7,200 ரூபாய் கூடியிருக்க வேண்டும். கூடியதோ 850 ரூபாய்தான். ‘ஒருவருக்கு ஒரு கிலோ மட்டும்’ என்று வரையறுத்து, 90 கிலோ மட்டுமே விற்றிருந்தால் 4,800 ரூபாய் கூடினாலே போதும்.

ஒப்பிடும் நாள்களையும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊதியம் கிடைக்கும் மாதத் தொடக்கத்தை மாத இறுதியோடு ஒப்பிட்டால், ஊதியத்தால் கூடிய விற்பனையைச் சர்க்கரையால் கூடியதாகத் தவறாகக் கருதிவிடுவோம். சனிக்கிழமையைச் சனிக்கிழமையோடும், மாதத்தின் இரண்டாம் வாரத்தை இரண்டாம் வாரத்தோடும் ஒப்பிடுவதே முறை.

பயிற்சி: மேற்கண்ட கடையில் சர்க்கரை 40 ரூபாய்க்கு விற்கப்பட்டு, 100 கிலோ விற்றது எனக் கொள்க. இலாபம் குறையாதிருக்கப் பிற பொருள்களின் விற்பனை எவ்வளவு கூட வேண்டும்?