படம் பிடித்த வினாக்களோடு ஒரு வாரம்

நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் செல்போனில் பழைய வினாத்தாள் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எடுத்ததோடு சரி, பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவற்றைப் பாடவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே படங்கள் நல்ல பயிற்சி நூலாகிவிடும். இயற்பியலில் மின்னோட்டவியலை வைத்து அந்த வாரம் எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கும் நாள். கடைசி இரண்டு ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தொடவே வேண்டாம். முழு மாதிரித் தேர்வு எழுத, கண்ணில் படாத தாள் கையில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய பத்து ஆண்டுத் தாள்களில் இந்தப் பாடத்திலிருந்து முப்பது வினாக்களாவது தேறும். எடுக்கும்போதே பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் பாடத்திட்டம் குறைக்கப்பட்டபோது மின்னழுத்தமானி நீங்கிவிட்டது. கார்பன் மின்தடையின் நிறக்குறியீட்டை வைத்து 2018, 2020 தாள்களில் வினா உண்டு. இப்போது அதுவும் பாடத்திட்டத்தில் இல்லை. இவற்றில் ஒரு நாளைச் செலவழிப்பது வீண்.

ஒரு படத்தில் ஒரு வினாதான் இருக்க வேண்டும். சுற்றுப்படமும் நான்கு விடைகளும் வெட்டுப்படாமல் விழ வேண்டும். பென்சிலால் டிக் அடித்த பக்கமாக இருந்தால் முதலில் அழித்துவிடுங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் ஆங்கில வடிவத்தையும் சேர்த்தே எடுப்பது நல்லது. இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது தேர்வின் விதி. ஆண்டையும் வினா எண்ணையும் படத்தின் பெயராக வைத்து, விடைகளைத் தனி நோட்டில் எழுதிவிட வேண்டும்.

திங்கட்கிழமை பாடநூலைப் படிக்கலாம். செவ்வாய் முதல் வியாழன் வரை நாளுக்குப் பத்துப் படம், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. தேர்வில் 180 நிமிடத்தில் 180 வினா என்றாலும், உயிரியலில் மிச்சமாகும் நேரம் இயற்பியலுக்குக் கிடைக்கும். அதனால் வினாவுக்கு ஒன்றரை நிமிடம் வைத்துக்கொள்ளலாம்.

தப்பாகப் போன படங்களை மட்டும் வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டும். இந்த முறையின் உயிரே அந்த நாள்தான். 2017இல் வந்த ஒரு வினாவைப் பாருங்கள். மின்தடை R உள்ள கம்பியை உருக்கி, முன்பிருந்ததைப்போல் n மடங்கு நீளத்துக்கு நீட்டினால் புதிய மின்தடை என்ன? பலர் nR என்று போடுவார்கள். நீளம் கூடியது அவர்கள் கண்ணில் படுகிறது. கம்பி மெலிந்தது படுவதில்லை. கம்பியின் பருமன் மாறாததால் குறுக்குவெட்டுப் பரப்பு n-இல் ஒரு பங்காகச் சுருங்கும். நீளத்தால் n மடங்கு, மெலிந்ததால் இன்னொரு n மடங்கு; ஆக மின்தடை n²R.

விடை n²R என்று குறித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனால் ஒரு வினாவின் விடை மனப்பாடமாகும், அவ்வளவுதான். அதே கம்பியை n சமத் துண்டுகளாக வெட்டிப் பக்க இணைப்பில் இணைத்தால் என்ன ஆகும் என்று தானே கேட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் R/n. n துண்டுகள் பக்க இணைப்பில் R/n². நீளம் 10 விழுக்காடு கூடினால்? 1.1 × 1.1 = 1.21, அதாவது மின்தடை 21 விழுக்காடு கூடும். இந்த மூன்றையும் போட முடிந்தவருக்குத்தான் கருத்து பிடிபட்டிருக்கிறது. சூத்திரம் சரியாக இருந்து பெருக்கலில் சறுக்கியிருந்தால் அது வேறு நோய். அதற்குப் பாடத்தைத் திரும்பப் படிப்பதில் பயன் இல்லை. காகிதத்தில் படிப்படியாக எழுதிப் பழக வேண்டும்.

படங்களை மறுமுறை பார்க்கையில் ஒரு ஆபத்து உண்டு. மூன்றாவது விடைதான் சரி என்று அதன் இடமே நினைவில் நின்றுவிடும். ஆகவே விடைகள் இருக்கும் பகுதியை மறைத்துக்கொண்டு, விடை கண்ட பிறகே திறந்து பாருங்கள்.

பாடவாரியாகப் படிப்பதிலேயே ஒரு குறை இருக்கிறது. மின்னோட்டவியல் கோப்பைத் திறக்கும்போதே, எந்த விதியைப் பயன்படுத்துவது என்பதில் பாதி தெரிந்துவிடுகிறது. தேர்வுத்தாளில் அந்தத் துப்பு கிடைக்காது. ஒரு சுற்று மின்தடை இணைப்பாகத் தோன்றும், உண்மையில் சமநிலையில் உள்ள வீட்ஸ்டோன் சமனச்சுற்றாக இருக்கும். சனிக்கிழமை இந்தக் குறையைத் தீர்ப்பதற்கானது. இந்த வாரக் கோப்பிலிருந்து ஐந்து, முந்தைய வாரங்களின் கோப்புகளிலிருந்து பதினைந்து என இருபது படங்களைக் கலந்து அரைமணி நேரத்தில் போட வேண்டும். சரிக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு என்று தேர்வில் உள்ளபடியே திருத்துங்கள்.

தனிக் கோப்பில் பத்துக்கு எட்டு எடுத்த பாடம், கலப்பில் பாதிக்கும் கீழே இறங்கினால் பாடம் தெரியவில்லை என்று பொருளல்ல. வினாவை அடையாளம் காண வரவில்லை. அந்தப் பிள்ளை அடுத்த வாரம் சில படங்களைத் தீர்க்காமல், எந்த விதி, ஏன் என்று ஒரு வரி மட்டும் எழுதிப் பழகட்டும். ஒரு வார இடைவெளியில் இருமுறை சரியாகப் போட்ட படத்தைக் கோப்பிலிருந்து நீக்கிவிடலாம்.